செஞ்சிக்குப் பதினோரு மணிக்கு வர்ற மகராசனுக்கு

வாங்க தம்பி, வாங்க. மணி பதினொண்ணு ஆவுது, நீங்க இப்பத்தான் ராஜகிரியை அண்ணாந்து பாக்குறீங்க. ஜுல்பிகார்கான் 1690-ல வந்து இந்த மலையடியில குந்தினவன், 1698-லதான் கோட்டையைப் புடிச்சான். ஔரங்கசீப்பு படைக்கே அவ்ளோ நாளு ஆச்சு. நீங்க ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டிலை வெச்சிக்கிட்டு மத்தியான சோத்துக்குள்ள புடிச்சிடலாம்னு வந்திருக்கீங்க. பேஷ்.

நாலு மணிக்கே சென்னையை விட்டுடலாம்னு ராத்திரி பேசியிருப்பீங்க. பேச்சு நல்ல பேச்சுதான். ஆனா விடியக்காலையில மேல நின்னு சூரியனைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா அது நடக்காது. கோட்டை தொல்லியல் துறைக்காரங்க கையில இருக்கு. சூரியன் எழுந்து, குளிச்சி, பழையது சாப்ட்ட பொறவுதான் கேட்டைத் தெறப்பாங்க. அதுக்காக ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்னு கணக்குப் போட்டுடாதீங்க.

சீக்கிரம் வந்தா நேரா வடக்கே சிங்கவரம் போற வழியில திருநாதர் குன்றுக்குப் போங்க. கேட்டும் கெடையாது, கூட்டமும் கெடையாது. பாறையில இருபத்துநாலு தீர்த்தங்கரரும் ரெண்டு வரிசையா ஒக்காந்திருக்காங்க. சந்திரநந்தின்னு ஒரு ஆசிரியர் ஐம்பத்தேழு நாளு உண்ணா நோன்பு இருந்து உயிரை விட்டார்னு அங்கே கல்லுல வெட்டியிருக்கு. அந்த எழுத்தை உச்சி வெயில்ல தேடினா வெறும் கல்லுதான் தெரியும். பொழுது சாய்வா இருக்கச்சொல்லோ வெட்டின பள்ளத்துல நெழல் வுழும், எழுத்து மேல எழும்பி வரும். ஐம்பத்தேழு நாளு பட்டினி கெடந்தவர் பக்கத்துல நின்னுக்கிட்டு "பசிக்குது, ஓட்டல் எங்க இருக்கு"ன்னு கேக்காதீங்க, அவ்ளோதான்.

அப்புறம் கோட்டைக் கேட்டு தெறக்கறப்ப மொத டிக்கெட்டு உங்களுதா இருக்கணும். இங்கதான் எல்லாரும் கோட்டை வுடறது. உள்ளே நுழைஞ்சதும் கல்யாண மகால் கண்ணுல படும். அடுக்கடுக்கா நிக்குதா, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ. அப்புறம் குதிரை லாயம், யானைக்குளம். எல்லாத்தையும் முடிச்சிட்டு மலையைப் பாக்குறப்ப வெயில் உச்சிக்கு வந்திடும். கீழ இருக்கற கட்டடம் எங்கியும் ஓடாது தம்பி. களஞ்சியத்துக்குச் செவுரு அம்மாம் தடிப்பு, மத்தியானத்துலகூட உள்ள குளுகுளுன்னு இருக்கும். அதை மத்தியானத்துக்கு வெச்சிக்கினு மொதல்ல மேல ஏறுங்க.

ராஜகிரி கிட்டத்தட்ட எண்ணூறு அடி. நின்னு மூச்சு வாங்கி ஏறினா ஒண்ணரை மணி நேரம்கூட ஆவும். அடிவாரத்துல மரமும் புதரும் நெழல் குடுக்கும். மேல போகப் போக மொட்டைப் பாறைதான். பாறை பகல் பூரா சூட்டை வாங்கிவெச்சிக்கும். "சாயந்திரம் ஏறலாம், குளிர்ச்சியா இருக்கும்"னு சொல்றவன் கல்லு மேல கையை வெச்சிப் பாக்காதவன். வெயில் எறங்கினாலும் கல்லு தோசைக்கல்லுதான். அதுவுமில்லாம மத்தியானத்துக்குப் பொறவு ஒரு நேரத்துக்கு மேல ஏற வுடமாட்டாங்க. ராத்திரி முழுக்க ஆறின கல்லு காலையில மட்டும்தான் கெடைக்கும்.

உச்சிக்குக் கிட்ட ஒரு பெரிய பொளவு வரும், மேல சின்னதா பாலம். அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டா எதிரி அந்தப் பக்கமே நிக்க வேண்டியதுதான். இப்ப ஞாயித்துக்கெழமைன்னா செல்ஃபி எடுக்கறவங்களே அந்த வேலையைப் பாத்துக்கறாங்க. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல மராட்டியர் கோட்டைன்னு பன்னெண்டைச் சேத்தாங்க, தமிழ்நாட்டுல நம்மளுது ஒண்ணுதான். பேரு பரவினா கூட்டமும் வரும், அதனால செவ்வா, புதன்னு வாங்க. பௌர்ணமியை மட்டும் காலண்டர்ல பாத்துக்கோங்க. திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போற ஜனம் இந்த ரோட்டுலதான் போவும். அன்னிக்கு பஸ்ஸுல ஒத்தைக் கால்ல நின்னு வந்தீங்கன்னா மலை ஏற மிச்சம் ஒரு காலுதான்.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், அதைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துடுங்க. பிளாஸ்டிக் கவர் சலசலன்னு கேட்டா போதும், குரங்கு கணக்குக் கேக்க வந்துடும். மேல கடை கெடையாது. எறங்கறப்ப முட்டி நடுங்கும், அதுக்குன்னு கொஞ்சம் தண்ணி மீதி வையுங்க.

இன்னிக்கு என்ன பண்றதுன்னா கேக்குறீங்க? களஞ்சியத்துக்குள்ள போயி நெழல்ல ஒக்காருங்க. வீட்டம்மாவுக்கு ஏறணும்னு ஆசைன்னா, ரோட்டுக்கு அந்தாண்ட கிருஷ்ணகிரி இருக்கு, இதைவிட ஒசரம் கம்மி. அவங்க ஏறிட்டு வரட்டும், பையை நீங்க பாத்துக்கோங்க.