அட்டவணை அண்ணாச்சி

புது நாவல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் படிப்பவர்கள் உண்டு. முடிவைத் தெரிந்துகொள்ளக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுபவர்களும் உண்டு. அண்ணாச்சி தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்குப் போவார். எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு, யார் வெளியீடு என்பதெல்லாம் பொடி எழுத்தில் அங்கேதான் கிடக்கும். அதைக் கணினியில் ஏற்றினால்தான் புத்தகம் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. படிப்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். ஓய்வும் பெற்றாயிற்று, இப்போது அட்டவணையைத் திருத்தவே பொழுது போதவில்லை.

ஆசிரியர் கட்டத்தில்தான் முதல் அடி விழுந்தது. ‘தி.ஜானகிராமன்’ என்று ஒட்டி அடித்தால் ஒருவர், ‘தி. ஜானகிராமன்’ என்று இடம் விட்டு அடித்தால் இன்னொருவர் என்று எக்செல் எடுத்துக்கொண்டது. வடிகட்டிப் பார்த்தபோது ‘மோகமுள்’ ஒரு ஜானகிராமன் பேரிலும் ‘மரப்பசு’ வேறொரு ஜானகிராமன் பேரிலும் இருந்தன. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இனிஷியலைப் பின்னால் தள்ளி ‘ஜானகிராமன், தி.’ என்று எல்லா வரிசையையும் ஒரே மாதிரி ஆக்கினார். அடுத்து புனைபெயர் வந்து நின்றது. நாவலில் சுந்தர ராமசாமியாக இருப்பவர் கவிதையில் பசுவய்யாவாக இருக்கிறார். அட்டையில் என்ன பெயரோ அதுவே ஆசிரியர் கட்டத்தில், நிஜப் பெயருக்குத் தனிக் கட்டம் என்று தீர்ப்பானது. புதுமைப்பித்தனுக்கு நேரே ‘விருத்தாசலம், சொ.’ என்று அடித்து முடித்தபோது, ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயரைச் சேர்த்துவிட்ட திருப்தி அவர் முகத்தில்.

அலமாரிக் கட்டத்தில் முதலில் ‘அ-3-12’ என்று போட்டுவந்தார். அ அலமாரி, மூன்றாம் தட்டு, இடமிருந்து பன்னிரண்டாவது. நடுவில் ஒரு புத்தகத்தைச் செருகினால் அதற்கு வலப்பக்கம் உள்ள அத்தனைக்கும் எண் மாறும் என்பது தெரிய ஒரு புத்தகக் காட்சி தேவைப்பட்டது. அதன்பின் தட்டோடு நிறுத்திக்கொண்டார். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் இன்றுவரை மருந்து இல்லை. பூஜை முடிந்ததும் அண்ணி புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அட்டவணைப்படி ஒன்றுகூட அதன் இடத்தில் இருக்காது.

மேசைமேல் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் படம். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அண்ணாச்சி அதை மரியாதையோடு தாண்டிவிடுவார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிற நான்காவதுதான் அவருக்குப் பிடித்தது. இரவல் கேட்டால் இல்லை என்று உடனே சொல்லிவிடுவார். வாசகருக்கு நேரம் மிச்சம்.

தட்ட முடியாத சிலருக்கு மட்டும் கொடுப்பார். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்துக்கும் ஒரே வரிசைதான் போட்டிருந்தார். மாப்பிள்ளை ‘கொலைவாள்’ கொண்டுபோனார். இரவல் கட்டத்தில் அவர் பெயர் ஏறியது. பின்னாலேயே எதிர்வீட்டுக்காரர் ‘மணிமகுடம்’ கேட்டு வந்தார். அதே கட்டத்தில் அவர் பெயரை அடித்ததும் மாப்பிள்ளை மறைந்துபோனார். மாதங்கள் கழித்து எதிர்வீட்டில் போய்க் ‘கொலைவாள்’ எங்கே என்று அண்ணாச்சி அதட்ட, அவர் பயந்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது ஒவ்வொரு பாகமும் தனி வரிசை. இரவலுக்குத் தனித் தாள். ஒரு தடவை கொடுத்தால் ஒரு வரி, கொடுத்த தேதி, திரும்பிய தேதி. புத்தகம் வந்துவிட்டாலும் வரியை அழிப்பதில்லை. முன்பு அழித்துக்கொண்டிருந்ததால்தான் ஒரு சிறுகதைத் தொகுப்பில் இருந்த காபிக் கறை யாருடையது என்று இன்றைக்கும் தெரியாமல் இருக்கிறது.

அந்தத் தாளில் வெகுநாளாகத் திரும்பிய தேதி இல்லாமல் இருப்பது பக்கத்துத் தெரு வாத்தியாரின் வரி. நாவலைப் பேருந்தில் தொலைத்துவிட்டார். நல்ல மனுஷர், கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணாச்சி, அதே நாவல்தான். எழுத்துக்கூடப் பெரிசா இருக்கு.”

அண்ணாச்சி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “இது ஒன்பதாம் பதிப்புல்லா? நான் தந்தது ரெண்டாம் பதிப்பு.”

“கதை ஒண்ணுதானே?”

“கதை ஒண்ணுதான். வரிசை வேற.”

புதியது ‘அன்பளிப்பு’ என்று புது வரிசையில் ஏறியது. பழைய வரிசை அப்படியே, இரவல் வாத்தியாரிடம். போன மாதம் வாத்தியார் மெல்லக் கேட்டார்: “பாதி படிக்கையிலதான் பஸ்ல விட்டேன் அண்ணாச்சி. நான் வாங்கித் தந்ததையாவது குடுங்க, மீதியப் படிச்சுட்டுத் தாரேன்.”

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். “ஒரு புஸ்தகம் பாக்கி இருக்கையில இன்னொண்ணு குடுக்கிறதில்ல வாத்தியாரே. மொதல்ல ரெண்டாம் பதிப்பு வரட்டும்.”