ஐந்து சதவீதக் கத்தி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அந்தக் காலத்து வேலை. மருந்துப் பரிசோதனைக் கட்டுரை எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். காயை அரிந்துவிடுகிறார்கள்.

பக்கவிளைவு அட்டவணை நாலைந்து பக்கம் ஓடும். இதழ் ஒரு பக்கம்தான் தரும். மிச்சத்தை இணைப்பில் போடச் சொல்லும். நியாயம்தான். ஆனால் எந்த வரிசை தங்குவது, எது போவது? அதற்கு அடிக்குறிப்பில் ஒரு வரி: ‘5 சதவீதமோ அதற்கு மேலோ கண்டவை மட்டும்.’ ஆகா, என்ன யோக்கியம்! தலைவலிக்கும் சாவுக்கும் ஒரே முழக்கோல்.

ஒரு மனச்சோர்வு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தின்றவர்கள் 200 பேர், போலி மாத்திரை தின்றவர்கள் 200 பேர். 5 சதவீதம் என்றால் 10 பேர். தலைவலி இங்கே 40, அங்கே 41. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் முதல் வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. தற்கொலை எண்ணம் வந்தவர்கள் 6 பேர். தங்களைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் வேறு 5 பேர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் இன்னும் 4 பேர். எந்த வரிசையும் பத்தைத் தொடவில்லை. மூன்றும் இணைப்புக்கு நடையைக் கட்டின. சேர்த்து எழுதியிருந்தால் 15 பேர், 7.5 சதவீதம்; போலி மாத்திரைப் பக்கம் மொத்தமே 3 பேர். ஒரு எண்ணைக்கூட யாரும் திருத்தவில்லை ஐயா, கத்தி வைத்த இடம்தான் விசேஷம்.

மேலே சொன்னது கற்பனைக் கணக்கு. இது நடந்தது: வளரிளம் பருவத்தினருக்கு பராக்ஸெடின் கொடுத்துப் பார்த்த ‘ஆய்வு 329’ 2001இல் அச்சேறியது. பிள்ளைகளின் தற்கொலை நடத்தைகள் அதில் ‘உணர்ச்சி நிலையின்மை’ என்ற பெயருக்குள் அடங்கிக் கிடந்தன. அழுமூஞ்சித்தனத்துக்கும் அதே பெயர் பொருந்தும். அரிவது ஒரு வித்தை, பெயர் மாற்றுவது இன்னொரு வித்தை.

குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டியவற்றை மட்டும் காட்டுவது தவறான வழக்கம் என்று, தீங்குகளை எழுதும் முறைக்கான கான்சார்ட் வழிகாட்டி 2004லேயே சொல்லிவிட்டது. கடுமையான பாதிப்பு ஒருவருக்கே வந்தாலும் அந்த வரிசை கட்டுரைக்குள் நிற்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அடுப்படி வேலைக்காரருக்குக்கூட இது புரியும். பேராசிரியர்களுக்குத்தான் இடம் போதவில்லை.

இணைப்பைத் திறந்து, ஒரே உறுப்பையோ ஒரே துயரத்தையோ சொல்லும் வரிசைகளை நீங்களே கூட்டிப் பாருங்கள். ஆய்வு 329இன் மூல ஆவணங்களை அப்படி வேறு ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்து வெளியிட்டது 2015இல். பராக்ஸெடின் தின்ற 93 பிள்ளைகளில் 11 பேர் தற்கொலை அல்லது தன்னைக் காயப்படுத்தும் நடத்தைக்குப் போயிருந்தார்கள்.