ஏழாம் பந்தி

போன கிழமை வந்த ஒரு மின்னஞ்சலின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நான் எழுதியது இரண்டு பக்கம். பதில் ஒரு வரி: "கவனத்தில் எடுத்தோம் ஐயா. கையொப்பம் எப்போது?"

உடன்படிக்கை என்றால் நமக்குத் தெரியாதா? கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பிடிப்பதுதான் நம்முடைய வாசிப்பு. நானும் அப்படி வாசித்தே வங்கிக் கடன் எடுத்தேன், தொலைபேசி இணைப்பு எடுத்தேன், கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று பேருக்குப் பிணையும் நின்றேன். பிணை நின்ற கதையை என் மனைவி இன்றும் விருந்தினருக்குச் சொல்வாள். அந்த அனுபவத்தில்தான் இந்த முறை முழுவதையும் வாசிப்பது என்று முடிவெடுத்தேன். அப்படி வாசித்ததில் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி எனக்கு இரண்டு அறைகள் உண்டு. ஓய்வூதியத்தில் கட்டியவை. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் அவற்றை மே முதலாம் திகதியிலிருந்து மூன்று வருடக் குத்தகைக்குக் கேட்டது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சாட்சிகள் இருவரையும் பிடித்து, அவர்களுக்கு மதியச் சாப்பாடும் பேசிவைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஏழாம் பந்தியை வாசித்தேன். கலியாண வீட்டில் ஏழாம் பந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பாயசம் கிடைக்காது என்பது தெரியும். உடன்படிக்கையிலும் அப்படித்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. அது இப்படி இருந்தது:

"7. குத்தகைதாரர் சீசன் காலத்தில் மாதம் 80,000 ரூபாயும், ஏனைய காலத்தில் மாதம் 30,000 ரூபாயும் செலுத்துவார்."

எவ்வளவு அழகான வசனம். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காசும் உண்டு. ஆனால், சீசன் என்றால் எது?

வாசலுக்கு வந்து கேட்டுப் பார்த்தேன். புறாமலைக்குப் படகு விடுகிற பையனுக்குச் சீசன் என்றால் கடல் கண்ணாடி போலக் கிடக்கிற நாட்கள். முருகைக்கற்கள் தெரியவேண்டும், வெள்ளைக்காரர் முகமூடியைக் கழற்றி "ஆஹா" என்று சொல்லவேண்டும். கரைவலைக்காரருக்கு வெள்ளைக்காரர் வந்தாலென்ன, போனாலென்ன? அவர்களுக்குச் சீசன் என்றால் மீன். மேற்குக் கரையிலிருந்து வந்து இங்கே வாடி அடித்துத் தங்குகிறவர்களுக்கோ அவர்களுடைய ஊர்க் கடல் முரண்டு பிடிக்கிற காலம்தான் சீசன். உப்பளத்தில் வேலை செய்யும் மச்சானிடம் கேட்டேன். "மழை பெய்யாட்டிச் சீசன்" என்றான், உப்புப்போலவே சுருக்கமாக. கொழும்பிலிருந்து வருகிற குடும்பங்களுக்குப் பாடசாலை விடுமுறை விட்டால் சீசன், பள்ளிக்கூடம் தொடங்கினால் முடிந்தது. முச்சக்கரவண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க வாற நாளெல்லாம் சீசன் இல்லை ஐயா" என்றார். நான் பேரம் பேசுகிறவன் என்பது ஊருக்குத் தெரியும். சந்திக் கடைக்காரருக்கு இளநீர் விலை ஏறினால் சீசன். விலையை ஏற்றுகிறவரே அவர்தான் என்பதால் சீசனை ஆரம்பித்து வைப்பவரும் அவர்தான் போலிருக்கிறது. என் மனைவிக்குச் சீசன் என்றால், அழைக்காமல் சொந்தக்காரர் வந்து அந்த இரண்டு அறைகளிலும் இலவசமாகப் படுக்கிற காலம். எங்கள் வீட்டு நாய்க்கும் ஒரு சீசன் உண்டு, அதை இங்கே எழுத முடியாது. மின்சாரம் நின்றுபோவதற்கு மட்டும் சீசன் கிடையாது.

இது போதும் என்று நினைக்கிறீர்களா? எனக்குப் போதவில்லை. ஏனென்றால் இவ்வளவு பேரிலும் உண்மையில் ஆபத்தானவர் ஒருவரும் நிலாவெளியில் இல்லை. ஆபத்தானவர் ஹிக்கடுவையில் இருக்கிறார்.

தெற்கிலும் மேற்கிலும் கடற்கரைச் சீசன் என்பது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நமக்கு அந்த மாதங்களில்தான் வாடைக்காற்றும் மழையும் வரும், கூரைக்கு மேல் தென்னோலை பறக்கும். நம்முடைய நல்ல காலம் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. அதாவது அவர்களுடைய சீசன் நமக்கு மாரி, நமக்குச் சீசன் என்றால் அவர்களுக்குக் கடல் கொந்தளிப்பு. ஒரே தீவு, ஒரே சொல், எதிரெதிர் மாதங்கள். நிறுவனத்துத் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"தம்பி, இந்த ஏழாம் பந்தியில சீசன் எண்டு போட்டிருக்கு. எந்த மாதங்கள்?"

"அது ஸ்டாண்டர்ட் வாசகம் ஐயா. எங்கட எல்லாக் கடற்கரைக்கும் ஒரே படிவம்தான். ஹிக்கடுவையில ஒருத்தரும் கேக்கேல்ல."

ஹிக்கடுவையில் ஏன் கேட்கப்போகிறார்கள்? படிவமே அவர்களுக்காகத் தைத்தது. நம்மிடம் வரும்போதுதான் கை நீளம், கழுத்து இறுக்கம்.

பன்னிரண்டாம் பந்தியையும் சேர்த்து வாசித்தபோது வியர்த்துவிட்டது. ஒரு மாத முன்னறிவித்தலோடு எந்தத் தரப்பும் விலகலாமாம். பழைய வாத்தியார் அல்லவா, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மே முதலாம் திகதி வந்து, ஒக்டோபர் முடிவில் அவர்கள் போய்விட்டால் எனக்கு எவ்வளவு? என் சீசன்படி, மே முதல் செப்டெம்பர் வரை ஐந்து மாதம் 80,000, ஒக்டோபருக்கு 30,000. மொத்தம் 430,000. ஜூலையும் ஓகஸ்டும் மட்டுமே சீசன் என்று யாராவது சொன்னால் 280,000. ஹிக்கடுவைச் சீசன்படி ஆறு மாதமும் முப்பதாயிரம்தான், 180,000. பிறகு மழை தொடங்குகிற அன்றைக்கு, எண்பதாயிரம் கட்டவேண்டிய மாதம் பிறக்கிற அன்றைக்கு, "நன்றி ஐயா, வணக்கம்." நல்ல காலத்தை அனுபவித்தவர்கள் மழைக்கால வாடகையையே கட்டிவிட்டுப் போவார்கள். ஒரே வசனத்துக்குள் இரண்டரை இலட்சம் ரூபாய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

தம்பி கள்ளன் என்று நான் சொல்லவில்லை. அவர் அந்தப் பந்தியை வாசித்திருக்கவே மாட்டார். அவரும் பெருக்கல் குறி வம்சம்தான்.

1864இல் இங்கிலாந்தில் இதே கதை வழக்காகவே போயிருக்கிறது. "பியர்லெஸ்" என்ற கப்பலில் பம்பாயிலிருந்து வரும் 125 பொதி பஞ்சை வாங்குவதாக ஒப்பந்தம். பம்பாயிலிருந்து அதே பெயரில் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன, ஒன்று ஒக்டோபரில், மற்றது டிசெம்பரில். வாங்கியவர் நினைத்தது முதலாவதை, விற்றவர் நினைத்தது இரண்டாவதை. பஞ்சு வந்து இறங்கியபோது வாங்கியவர் எடுக்க மறுத்தார், நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. "எந்த பியர்லெஸ், எந்த மாதம்?" என்று எழுதும்போதே ஒருவர் கேட்டிருந்தால் சட்ட மாணவர்களுக்கு ஒரு வழக்குக் குறைந்திருக்கும்.

ஆகவே தம்பிக்குக் கடிதம் எழுதினேன். கோபத்தில் எழுதிய முதற் பிரதியை மனைவி கிழித்துவிட்டாள். இரண்டாவதில் முதலில் ஏழாம் பந்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல், எண்ணோடு, மேற்கோள் குறிக்குள் எழுதினேன். "அந்த வாடகை விஷயம்" என்று பொதுவாக எழுதினால் அவர்கள் வேறு பந்திக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அடுத்து, இந்தச் சொல்லை மூன்று விதமாக வாசிக்கலாம் என்று சொல்லி, மூன்றுக்கும் ரூபாய்க் கணக்கை வரிசையாகக் கீழே போட்டேன். விளக்கம் தெளிவில்லை என்று எழுதினால் ஒருவரும் அசையமாட்டார்கள், 430,000ஐயும் 180,000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் யாராவது கணக்காளரிடமாவது காட்டுவார்கள். பிறகு, நான் விளங்கிக்கொண்டது எது என்று சொன்னேன். கடைசியாக, அவர்கள் வெட்டி ஒட்டுவதற்குத் தயாராக, புதிய பந்தி:

"7. (அ) ஏப்ரல் 1 முதல் செப்டெம்பர் 30 வரையான ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகை 80,000 ரூபாய். (ஆ) ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரையான ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகை 30,000 ரூபாய். (இ) மழை, கடல்நிலை, பயணிகள் வரவு எப்படி இருந்தாலும் இம்மாதங்கள் மாறா. (ஈ) இவ்வுடன்படிக்கையில் வேறெங்கும் 'சீசன்' என்று வந்தால் அது (அ)வில் சொன்ன மாதங்களையே குறிக்கும்."

(இ)யை எழுதும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இரண்டு நாளில் தம்பி தொலைபேசியில் வந்தார். "ஐயா சொல்றதுதான் சரி, உங்கட சீசன்தான். நான் வாயால சொல்றன்தானே. பேப்பரை ஏன் மாத்துவான்?"

இந்த இடத்தில்தான் நம்மில் பாதிப்பேர் விழுந்துவிடுவோம், நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுகிறது என்று. ஆனால் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 92ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிபந்தனைகளை ஆவணமாக எழுதி முடித்த பிறகு, அவற்றுக்கு மாறாகவோ மேலதிகமாகவோ வாய்ப்பேச்சைக் கொண்டுவந்து காட்டமுடியாது. மோசடி, தவறு போன்ற விதிவிலக்குகள் உண்டுதான், ஆனால் அவற்றை நிரூபிக்கப் போகிறவன் அந்த இரண்டு அறைகளையும் விற்கவேண்டி வரும். தம்பியின் வாய் தங்கமான வாய். நொத்தாரிசு அதற்கு முத்திரை போடமாட்டார்.

நம் ஊருக்கே இது புதிதில்லை. 1987 ஜூலை 29 அன்று ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், சீனன்குடா எண்ணெய்த் தொட்டிகளைத் திருத்தி இயக்கும் வேலை இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக நடக்கும் என்று ஒரு வரி இருந்தது. எத்தனை தொட்டி, யாருக்கு எத்தனை பங்கு, எந்தத் திகதிக்குள் என்று அந்த வரி சொல்லவில்லை. 99 தொட்டிகளையும் பிரித்து, 61ஐ 51க்கு 49 என்ற பங்கில் ஒரு கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் உடன்படிக்கை வந்தபோது வருடம் 2022. முப்பத்தைந்து வருடம். அவர்களிடம் தொட்டிகள் துருப்பிடித்தன, என்னிடம் இரண்டு குளிரூட்டிகள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கின்றன.

தம்பிக்கு மறுபடி எழுதினேன்: சொன்னதை எழுதித் தாருங்கள், மின்னஞ்சலில் அல்ல, ஏழாம் பந்தியிலேயே. இதற்குத்தான் "கவனத்தில் எடுத்தோம்" வந்தது. விடவில்லை. மூன்றாம் முறை எழுதியதற்குத் திருத்திய பிரதி நேற்று வந்தது. சட்டப் பிரிவிலிருந்து யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். ஏழாம் பந்தியின் கீழே புதிதாக ஒரு வரி:

"இங்கு 'சீசன்' என்பது அப்பிரதேசத்தில் சீசனாகக் கருதப்படும் காலத்தைக் குறிக்கும்."

கருதுகிறவர் யார்? படகுப் பையனா, உப்பளத்து மச்சானா, என் வீட்டு நாயா?

சாட்சிகள் இருவரும் இன்று காலை மதியச் சாப்பாடு என்னவாயிற்று என்று கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். மே பிறந்துவிட்டது, கடல் கண்ணாடிபோலக் கிடக்கிறது, இரண்டு அறைகளும் காலி. எடுக்க விரும்புகிறவர்கள் மாதங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வரவும்.