சமிக்கிச் சேலைக்கு ஒரு சான்றிதழ்

கைத்தறிப் பிரியர்கள் அன்பளிப்பு வாங்கும் விதமே தனி. ஜிகுஜிகுவென்று மின்னும் ஜார்ஜெட் சேலைதான் தோழிக்கு உயிர் என்று தெரியும். ஆனாலும் பிறந்தநாளுக்கு அவளுக்குப் போய்ச் சேருவது செட்டிநாட்டுக் கண்டாங்கி. கஞ்சி போட்டு, நீவி, இஸ்திரி போடும் வேலையும் அதோடு சேர்ந்தே போகிறது. அன்பளிப்பு என்ற பெயரில் ஒரு சீர்திருத்தப் பள்ளி!

அவள் ரசனைக்கு வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு மின்னுவதை அள்ளுவது என்றும் சிலர் நினைக்கிறார்கள். மின்னுவதிலும் தரம் உண்டு, ஐயா. அவளோடு ஒருமுறை கடைக்குப் போனால் தெரியும். முதலில் சேலையைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பாள். சமிக்கி சங்கிலித் தையலில் ஓடியிருந்தால், முடிச்சு சரியில்லாத இடத்தில் ஒரு நூல் அறுந்தாலும் வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும். கல்லை நகத்தால் நெம்புவாள். பசையில் ஒட்டியதென்றால் சலவையில் ஒவ்வொன்றாக உதிரும். பின்புற நூல் முனைகள் இடுப்பில் குத்துமா என்று புறங்கையால் தடவுவாள். கடைசியாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவாள். கடை விளக்கில் ராணிப் பிங்க்காக இருந்தது அங்கே வேறு நிறமாகத் தெரியலாம்.

கைத்தறியில் பாவு, ஊடை என்று பாடம் எடுப்பவர்கள் இத்தனை சோதனை செய்து நான் பார்த்ததில்லை.

ஆகவே அடுத்த பிறந்தநாளுக்குக் கண்டாங்கியை உங்களுக்கே வாங்கிக்கொள்ளுங்கள். தோழிக்கு மின்னுவதை வாங்குங்கள். பில்லையும் கூடவே கொடுங்கள், மாற்றிக்கொள்ளட்டும்.