பத்துக்கு நாலா, நாலுக்குப் பத்தா?

ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. செவ்வாப்பேட்டையில் உள்ள உங்கள் ஜவ்வரிசிக் கடைக்கு வாசலில் கட்ட ஒரு பேனர் வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட ஒரு சதுரப் படம், வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு நெட்டையாக ஒன்று. டிசைன் போடுகிற தம்பியைத் தூங்கவிடாமல் அடித்து, கூடவே உங்கள் காசையும் ஆற்றில் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இருபது வருடமாக அந்தத் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் முறை தவறாமல் சொல்லித் தருகிறேன்.

முதலில், அளவை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். "நல்லா பெருசா, க்ளியரா, ஹெச்டில குடுங்க தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தம்பி விவரம் தெரியாத பையனாக இருந்தால் "சரிங்கண்ணா" என்பான். ஹெச்டி என்றால் 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். டிவிப் பெட்டி மாதிரி படுத்திருக்கிற சட்டம். 4கே கேட்டாலும் 3840க்கு 2160தான், அதுவும் படுத்ததுதான். ஸ்டேட்டஸுக்கு வேண்டியதோ 1080 அகலம், 1920 உயரம். எண்கள் அதேதான், எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஸ்டேட்டஸை ஹெச்டியில் கேட்டால் எண் சரியாக வரும், படம் படுத்துக்கொண்டு வரும். போனை நேராகப் பிடித்திருப்பவருக்கு நடுவில் ஒரு பட்டை, மேலும் கீழும் வெறும் கறுப்பு.

அடுத்தது, ஒரே டிசைனை மூன்றுக்கும் ஓட்டுவது. "எதுக்கு மூணு தடவை காசு? போட்டதையே இழுத்து வுடுங்க." இந்த 'இழுத்து வுடுங்க' என்பது சேலம் வட்டாரத்தில் அதிகம் புழங்கும் தொழில்நுட்பச் சொல். இதன் பலனைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

உங்கள் பேனர் அகலம் 10 அடி, உயரம் 4 அடி. அகலம் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு. சதுரப் படத்தை இதற்கு இழுத்தால், அதில் இருக்கும் ஒவ்வொரு வட்டமும் பக்கவாட்டில் இரண்டரை மடங்கு நீளும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசி வெள்ளரிக்காய் ஆகிவிடும். சதுரத்தை ஸ்டேட்டஸுக்கு நெட்டையாக இழுத்தால் உயரம் முக்கால் மடங்குக்குச் சற்று மேல் கூடும். அப்போது ஜவ்வரிசி நாமக்கல் முட்டையாகும், அதுவும் கோழியே சந்தேகப்படுகிற முட்டை. அதனால்தான் டிசைன் வந்தவுடன் நான் முதலில் தேடுவது படத்தில் உருண்டையாக எது இருக்கிறது என்று: பொட்டு, லோகோவின் வளையம், தட்டுவடை, எதுவானாலும் சரி. அது வட்டமாக இல்லையென்றால் யாரோ இழுத்திருக்கிறார்கள். மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

இழுக்காமல் வெட்டினால்? அதையும் அடிக் கணக்கில் பாருங்கள். ஸ்டேட்டஸின் வடிவம் 9க்கு 16. நான்கு அடி உயரமுள்ள பேனரிலிருந்து அந்த வடிவத்தை வெட்டினால் அகலத்தில் மிஞ்சுவது இரண்டேகால் அடி. பத்தடியில் ஏழே முக்கால் அடி குப்பைக்கு. கடை பெயரின் நடு எழுத்து இரண்டும், முதலாளி படத்தின் ஒரு காதும் மிஞ்சும். வெட்டாமல் அப்படியே உள்ளே வைத்தால் 1920 புள்ளி உயரத்தில் 432தான் உங்களுக்கு. மீதி 1488 புள்ளி காலி மனை.

ஆகவே மூன்று வடிவத்துக்கும் மூன்று அடுக்கு முறை வேண்டும். பொட்டலம், கடை பெயர், விலை, போன் நம்பர் என்று நான்கு சாமான்கள்தான், புதிதாக எதுவும் தேவையில்லை. பேனரில் அவை ஒரே வரிசையில் உட்காரும், சதுரத்தில் இரண்டுக்கு இரண்டாக, ஸ்டேட்டஸில் டிபன் கேரியர் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களிடம் போய் 'வேனுக்குக் கட்டினதையே இழுத்து டிரெய்லருக்குப் போடுங்க' என்று யாரும் கேட்பதில்லை. டிசைன்காரனிடம் மட்டும் கேட்கிறோம்.

இனி புள்ளிக் கணக்கு. புள்ளியை ஜவ்வரிசி என்றே வைத்துக்கொள்ளுங்கள், சேலத்துக்காரர்களுக்கு எளிது. 1080 அகலமுள்ள சதுரப் படத்தில் ஒரு வரிசைக்கு 1080 மணி. போன் திரையில் அவை நெருக்கியடித்து நிற்பதால் தனித்தனியாகத் தெரியாது. அதே 1080 மணியைப் பத்தடியில், அதாவது 120 அங்குலத்தில் பரப்புங்கள். அங்குலத்துக்கு 9 மணிதான் வரும். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்கு ஒரு பொடி குறைவு, ஏறக்குறைய நிஜ ஜவ்வரிசி அளவு. கல்லா முன்னால் நிற்கும் வாடிக்கையாளர் பேனரிலேயே மணிகளை எண்ணிவிடலாம்.

"கம்ப்யூட்டர்ல பெருசு பண்ண முடியாதுங்களா தம்பி?" முடியும். ஊறவைத்த ஜவ்வரிசியும்தான் பெரிதாகிறது. மணி கூடுவதில்லை, இருப்பது உப்பிக் குழைகிறது. எழுத்தின் ஓரங்கள் பாயசம் மாதிரி ஆவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

எத்தனை புள்ளி போதும் என்பது யார் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிற பேனருக்கு அங்குலத்துக்கு 30 புள்ளி தாராளம், 3600க்கு 1440. வாசலில் கிட்ட நின்று படிப்பார்கள் என்றால் 72 வைத்துக்கொள்ளலாம், 8640க்கு 3456. ஆனால் உங்கள் நோக்கம் தம்பியைப் படுத்துவது. அதனால் "முன்னூறு டிபிஐ வேணும்" என்று ஒரு போடு போடுங்கள். முன்னூறு என்பது கையில் வைத்துப் படிக்கிற கல்யாணப் பத்திரிகைக்கான கணக்கு. பத்தடிப் பேனருக்கு அது 36000க்கு 14400, ஐம்பது கோடிக்கு மேல் புள்ளிகள். தம்பியின் கம்ப்யூட்டர் மல்லாந்துவிடும். ஸ்டேட்டஸ் படத்துக்கும் முன்னூறு கேளுங்கள், அங்கே அந்த எண்ணுக்கு ஒரு வேலையும் கிடையாது. திரை எண்ணுவது 1080, 1920 என்ற புள்ளிகளை மட்டும்தான். பொட்டலத்தின் மேல் என்ன விலை ஒட்டினாலும் உள்ளே இருப்பது அரைக் கிலோ என்றால் அரைக் கிலோதான்.

பொட்டலத்தின் படத்தை அனுப்புவதிலும் நுணுக்கம் உண்டு. உங்கள் போன் கேமரா 4000க்கு 3000 புள்ளியில் எடுத்திருக்கும். பேனரில் மூன்றடி உயரத்துக்குப் பொட்டலம் நிற்க, 30 புள்ளிக் கணக்கில் 1080 போதும், ஆக படம் நல்ல படம்தான். அதை வாட்ஸப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்புங்கள், வழியிலேயே சுருங்கிவிடும். போதாதென்றால் மச்சானுக்கு அனுப்பி, அவரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும், எனவே அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். லோகோ கேட்டால் விசிட்டிங் கார்டை டியூப் லைட் அடியில் வைத்துப் படம் பிடியுங்கள். கார்டு அடித்த அச்சகத்தில் கோரல் டிரா கோப்பு இருக்கும், அது எத்தனை அடிக்குப் பெருக்கினாலும் உடையாது. அதைக் கேட்டு வாங்கினால் வேலை அரைமணியில் முடிந்துவிடும். நமக்கு அதுவா வேண்டும்?

ஸ்டேட்டஸில் போன் நம்பரை எங்கே வைப்பது? கண்டிப்பாக அடி ஓரத்தில், பெரிதாக. அங்கேதான் பதில் எழுதும் கட்டம் வந்து உட்காரும், உங்கள் நம்பர் அதன் கீழே பத்திரமாக இருக்கும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி விளம்பரத்துக்கு மெட்டா சொல்கிற கணக்கு, 1920 உயரத்தில் மேலே 250 புள்ளியும் கீழே 340 புள்ளியும் எழுத்தில்லாமல் விடவேண்டும் என்பது. ஸ்டேட்டஸுக்கும் அதையே வைத்துக்கொண்டால் நடுவில் 1330 கிடைக்கும். தமிழில் 'ஜவ்வரிசி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே விலையும் நம்பரும் வைக்க அது போதும். ஊர் எல்லைத் தெய்வம் ஒன்று விடாமல் படம் வைக்கப் போதாது.

சதுரத்திலும் இப்போது ஒரு பொறி இருக்கிறது. 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தபோது சதுரம் தவிர வேறு வடிவத்துக்கு அனுமதியில்லை. 2015இல்தான் மற்ற வடிவங்களை விட்டார்கள். 2025 ஜனவரியில் பக்கத்தின் முகப்புக் கட்டங்களையே 3க்கு 4 என்று நெட்டையாக்கிவிட்டார்கள். உங்கள் சதுரம் அந்த முகப்பில் நடு 810 புள்ளிதான் காட்டும், இரண்டு பக்கமும் 135 போய்விடும். ஓரத்தில் 'தள்ளுபடி' என்று போட்டிருந்தால் 'ளுபடி' மட்டும் நிற்கும். எழுத்தை நடுவில் வைப்பதே இப்போதைக்கு வழி.

இவ்வளவு சொல்லியும் யாராவது ஒழுங்காக வேலை வாங்க நினைத்தால் எழுதி அனுப்ப நான்கு வரி போதும்:

"பேனர்: அகலம் 10 அடி, உயரம் 4 அடி, படுத்த வாக்கு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து பார்ப்பாங்க. ஓட்டை அடிக்க நாலு பக்கமும் 3 அங்குலம் எழுத்து வேண்டாம்.
சதுரம்: 1080க்கு 1080 புள்ளி. எழுத்து நடு 810க்குள்ள.
ஸ்டேட்டஸ்: அகலம் 1080, உயரம் 1920 புள்ளி, நின்ன வாக்கு. மேல 250, கீழ 340 காலி.
மூணுக்கும் தனித்தனியா அடுக்குங்க, இழுக்க வேண்டாம்."

இதில் 'அகலம்', 'உயரம்' என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். எண்ணை மட்டும் சொன்னால், முதலில் சொன்னது எது என்பதில் ஆளுக்கொரு வழக்கம். ஒருவர் "நாலுக்குப் பத்து" என்று போனில் சொன்னார். உயரத்தை முதலில் சொல்வது அவர் வழக்கம். அகலம் முதலில் என்பது என் வழக்கம். நான்கடி அகலத்தில் பத்தடி உயரத்துக்கு, மளிகைக் கடையின் தூணுக்குக் கட்டுகிற மாதிரி அழகாக அடித்துக் கொடுத்தேன். அவர் கடை வாசலின் உயரமே ஏழடி. "இதை எங்கண்ணா கட்டுறது?" என்றேன். "என்னைக் கேட்டா? அளவு கேட்டவரு நீங்கதான தம்பி" என்றார். மறுபடி அடித்த செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டோம்.

நின்றவாக்குப் பேனரை அவர் ஆத்தூர் பக்கம் இருக்கும் தன் மரவள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மோட்டார் கொட்டகைக்கு அதுதான் இப்போது கூரை. இரண்டு மழைக்காலம் ஆயிற்று, ஒரு சொட்டு ஒழுகவில்லை.