பிளானர் ராத்தா

கற்பிட்டியில் ஒருவர், பாலாவியில் ஒருவர், புத்தளம் டவுனில் தெருவுக்கொருவர் என்று பிளானர் ராத்தாக்கள் பெருகிவிட்ட காலம் இது. உயர்தரம் முடித்திருப்பார், கலியாணமும் முடித்திருப்பார். சின்னப்பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து லெப்டொப்பைத் திறப்பார். கென்வாவில் நோன்பு பிளானர், வீட்டுச் செலவு பிளானர், பரீட்சை அட்டவணை என்று வரைந்து, பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் விற்பார். சஹருக்கு எழும்பிய நேரம், ஓதிய ஜுஸ்உ, கஞ்சிக்கு யார் வீட்டு முறை என்று ஒவ்வொன்றுக்கும் அழகாகக் கட்டம் போட்டிருப்பார். கைவேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விலை சொல்லும்போதுதான் கை நடுங்கும்.

"விலை எவ்வளவு ராத்தா?" என்று ஒரு மெசேஜ் வந்ததும் 500 என்று தட்டுவார், அழிப்பார். 300 என்று தட்டுவார், அதையும் அழிப்பார். கடைசியில் 100 என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் வைத்து, "உங்கட விருப்பம்" என்று சேர்த்து அனுப்புவார். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஒருக்காச் செஞ்சாச்சு. இனி ஒரு கொப்பி அனுப்ப எனக்கென்ன செலவு? ஒண்டுமில்ல. ஒண்டுமில்லாததுக்கு நூறு ரூபா வாங்குறதே கூட."

வாப்பா மீன் விற்றவர். வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும், பின்னேரம் ஆனால் வந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் மகளின் இரத்தத்தில் ஊறிவிட்டது. வெள்ளிக்கிழமை அஸர் முடிந்ததும் "இன்று மட்டும் பாதி விலை" என்று ஸ்டேட்டஸ் ஏறும். வீட்டுச் செலவு பிளானரில் திகதியே கிடையாது. பத்து வருடம் ஐஸ் இல்லாமல் கிடந்தாலும் நாறாத சரக்கு அது. அதற்கு வாராவாரம் கழிவு கொடுத்ததில், வியாழக்கிழமை வாங்குவதை ஊரே நிறுத்திவிட்டது. உண்மையில் கெட்டுப்போகும் சரக்கு நோன்பு பிளானர் ஒன்றுதான். பெருநாளன்று அதை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்த ரமழான் 10, 11 நாள் முன்னால் வருவதால் ஆங்கிலத் திகதிகளையும் மாற்ற வேண்டும். ஷஃபான் கடைசி வாரத்தில் அதைத் தேடி ஆட்கள் ஓடி வருவார்கள். ராத்தா கழிவு கொடுப்பதும் அதே வாரத்தில்தான்.

நூறு ரூபாவுக்கு வாங்கிய வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்தும் கணக்கைப் பார்க்க வேண்டும். நோன்பு பிளானர் 64 பக்கம். அதை எடுத்துக்கொண்டு அவர் சந்தியிலுள்ள கொமியுனிகேஷனுக்குப் போகிறார். கறுப்பு வெள்ளையில் பக்கத்துக்கு 15 ரூபா என்று வைத்துக்கொண்டால் பிரிண்டுக்கு மட்டும் 960 ரூபா. ராத்தா ஆசையாகப் போட்ட கரும்பச்சை அட்டையைப் பார்த்ததும் கடைக்கார நானா, "இது டோனரைக் குடிக்கும், இதுக்கு வேற ரேட்" என்பார். ஆக, கொப்பி சும்மா கிடைப்பது ராத்தாவுக்குத்தான். வாங்குகிறவருக்கு அது 1,060 ரூபாச் சாமான். அதில் ராத்தாவின் பங்கு நூறு, நானாவின் பங்கு தொள்ளாயிரத்து அறுபது.

இப்படி யோசித்தால் வழி தெரியும். நோன்பு 29 அல்லது 30 நாள். நாளுக்கொரு பக்கமாக 30, முன்னும் பின்னும் 4, மொத்தம் 34 பக்கம் போதும். மீதி 30 பக்கத்தில் இருப்பதெல்லாம் பூவும் பிறையும். அவற்றை எடுத்துவிட்டால் பிரிண்ட் 510 ரூபாவுக்கு இறங்கும். ஃபைலை 400 ரூபாவுக்கு விற்றாலும் வாங்குகிறவருக்கு மொத்தம் 910 தான், முந்தியதைவிட 150 குறைவு. ராத்தாவுக்கோ நான்கு மடங்கு வருமானம்.

இதைச் சொன்னால் ராத்தா திடுக்கிடுவார். "நானூறா? பாதிப் பேர் ஓடிருவாங்களே!" ஓடட்டும். நூறு ரூபாவுக்கு 40 பேர் வாங்கினாலும் நானூறுக்கு 10 பேர் வாங்கினாலும் வருவது அதே 4,000 தான். மீனென்றால் விலை போகாத 30 கிலோ நட்டம். இங்கே விற்காத 30 கொப்பி என்று எதுவும் கிடையாது. நாற்பதில் பாதி ஓடி 20 பேர் மிஞ்சினால்கூட 8,000.

அதோடு, ஒரு கொப்பிக்குச் செலவே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. "ஸ்லிப் அனுப்பிட்டேன், பார்த்தீங்களா?", "ஃபைல் திறக்குதில்ல", "ஏ4ஆ ஏ5ஆ?", "மகள்ட பேர அட்டையில போட்டுத் தாறீங்களா?" என்று வருகிற ஒவ்வொரு மெசேஜுக்கும் ராத்தாவின் நேரம் போகிறது. பிள்ளை எழும்பி அழுவதும் அந்த நேரத்தில்தான். ஒருவருக்குப் பத்து நிமிடம் போனால் 40 பேருக்கு ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். தாளின் அளவையும் பிரிண்ட் எடுக்கும் முறையையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும். பெயர் போட்டுக் கொடுப்பது தனி வேலை, அதற்குத் தனி விலை வைக்க வேண்டும்.

டியூஷன் டீச்சர் இன்னொரு ரகம். பரீட்சை அட்டவணையில் ஒரு கொப்பி வாங்கி, வகுப்பிலுள்ள 40 பிள்ளைகளுக்கும் போட்டோகொப்பி அடித்துவிட்டு, "எல்லாப் பிள்ளைகளுக்கும் குடுத்தேன், பரக்கத்தா இருக்கும்" என்று நன்றியும் சொல்வார். அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. "ஒருவர் பாவனைக்கு 150 ரூபா, ஒரு வகுப்புக்கு 1,000 ரூபா" என்று இரண்டு விலையை முன்கூட்டியே எழுதி வைத்தால் போதும். பிள்ளைக்கு 25 ரூபா என்றதும் டீச்சரே சேர்த்துக் கொண்டுவந்து தருவார். எழுதி வைக்காவிட்டால் அவர் செய்தது பிழையென்று அவருக்கே தெரியாது.

வெளிநாட்டு வியாபாரத்திலும் ராத்தாவின் கை நீளமில்லை. இலங்கையில் பேபால் வைத்திருந்தவர்களால் நீண்ட காலம் பணம் அனுப்பத்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை. அதனால் எட்ஸியில் கடை நடத்துவது அமெரிக்காவிலுள்ள சாச்சா மகன். ஃபைல் செய்து அனுப்புவது ராத்தா. "வெள்ளக்காரன் பாவம்" என்று அங்கேயும் ஒரு டொலர் விலை வைத்தார். எட்ஸி பாவம் பார்க்கவில்லை. பட்டியலில் போட 20 சதம். விற்றால் 6.5 வீதம், 2022 ஏப்ரலுக்கு முன் அது 5 வீதமாக இருந்தது. அமெரிக்கக் கடையென்றால் பணம் அறவிட 3 வீதமும் 25 சதமும். ஒரு டொலரில் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 45 சதம். ஐந்து டொலருக்கு விற்றால் 4 டொலர் 7 சதம் மிஞ்சும். அந்த 20 சதமும் 25 சதமும் சின்ன விலையையும் பெரிய விலையையும் ஒரே அளவில் கடிப்பதுதான் காரணம். ஒரு டொலருக்கு ஒன்பது பேருக்கு விற்றால்தான் ஐந்து டொலருக்கு ஒருவருக்கு விற்றதற்குச் சமம். "மிச்ச எட்டுப் பேருக்கும் யாருக்காகப் பாடுபட்டீங்க?" என்று சாச்சா மகன் கேட்டபோதுதான் ராத்தாவுக்கு ரோசம் வந்தது.

இப்போது ராத்தா 400 என்று தட்டுகிறார், அழிப்பதில்லை. சிரிக்கும் முகத்தையும் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு மாமி, "போன வருஷம் நூறுதானே?" என்று ஒருநாள் முழுக்க முணுமுணுத்துவிட்டு ஸ்லிப்பை அனுப்பினார். கொமியுனிகேஷன் நானாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "தங்கச்சி, முந்தி அறுபத்தி நாலு பக்கம் எவ்வளவு வடிவா இருந்திச்சு! அடுத்த நோன்புக்குக் கொஞ்சம் பூவக் கூட்டுங்களேன்."