மலையேறாத சந்தா

பழனி அடிவாரத்தில் டாக்சி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கடன் தவணை 9,800 ரூபாய், 5-ஆம் தேதி கணக்கிலிருந்து போகும். 4-ஆம் தேதி ராத்திரி கணக்கில் 10,000 ரூபாய் இருப்பதைப் பார்த்துவிட்டு மனுஷன் நிம்மதியாகப் படுக்கிறார். விடிவதற்குள் ஒரு சாலையோர உதவிச் சங்கத்தின் சந்தா 1,499 ரூபாய் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. மிச்சம் 8,501. தவணை பவுன்ஸ். அதற்கு 500 ரூபாய் அபராதம், அதன்மேல் 90 ரூபாய் ஜிஎஸ்டி. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. உதவி வந்துதான் ஆளை நடுரோட்டில் நிறுத்தியது.

இந்தச் சந்தாவில் இவர் எப்போது சேர்ந்தார்? ஷோரூமில், சாவிக்குச் சந்தனம் வைக்கும் அவசரத்தில், “அண்ணே, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க” என்றான் தம்பி. இவர் சொன்னார். காகிதத்தில் அது முழுமனச் சம்மதம்! தானியங்கிப் பற்றுப் படிவத்தில் ‘அதிகபட்சத் தொகை’ என்று ஒரு கட்டம் உண்டு. தவணை 9,800 என்றாலும் அங்கே 20,000 என்று நிரப்பியிருப்பார்கள். நடுவில் உள்ள அந்த 10,200 ரூபாய் இடைவெளியில் ஒரு சங்கமே குடித்தனம் நடத்தலாம்.

சரி, காசு வாங்கினார்களே, வருவார்களா? கொடைக்கானல் போகும் வழியில், சவரிக்காடு வளைவில் கியர்பாக்ஸ் போகட்டும். போனை எடுத்தால் முதலில் பாட்டு, பிறகு நிபந்தனை. இலவச இழுவை 25 கிலோமீட்டர்வரை என்பார்கள். பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தைத் தூக்க கிரேன் தனி. மலைப்பாதை என்பதால் தாமதமாகலாம். “பக்கத்துல லேண்ட்மார்க் சொல்லுங்க சார்.” காடு என்று சொன்னால் பின்கோடு கேட்கிறார்கள். அதற்குள் பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர் சக்கரத்துக்குக் கல் வைத்து, பெருமாள்மலை மெக்கானிக்குக்கும் போன் போட்டுவிடுவார். அவருக்கு எந்தச் சந்தாவும் கிடையாது.

இது சின்னக் கம்பெனிகளின் கைவரிசை மட்டும் என்று நினைக்க வேண்டாம். எச்டிஎஃப்சி வங்கி, கார்க் கடனோடு ஜிபிஎஸ் கருவியை விற்ற விவகாரத்தில் 2021 மே மாதம் ரிசர்வ் வங்கி 10 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த மாதமே, ஜிபிஎஸ் கமிஷனை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதாக வங்கி அறிவித்தது. வாங்கும்போது இல்லாத அறிவிப்பு, திருப்பும்போது வந்தது!

2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களில், முக்கிய விவர அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக்கூடாது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கடன் தொகைக்கும் வண்டிக்காகப் போன தொகைக்கும் வித்தியாசம் எவ்வளவு, யார் பெயரில் என்று பாருங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பாலிசியோடு வேறொரு கம்பெனியின் ‘உறுப்பினர் சான்றிதழ்’ ஒட்டிக்கொண்டு வந்தால், அது பிரீமியம் அல்ல, சந்தா.

சந்தாவை நிறுத்தச் சொன்னால் கடன் கொடுத்தவர் சங்கத்தைக் கேளுங்கள் என்பார், சங்கம் கடன் கொடுத்தவரைக் கைகாட்டும். கடன் கொடுத்தவருக்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ஓம்பட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் மாட்டார்கள்.